கறுப்புக்கும் வெள்ளைக்கும் எத்தனை டிகிரி?

ஒரே நிறுவனம் தயாரித்த ஒரே வகை ஃபிலமென்ட். ஒரு ரோல் கறுப்பு, ஒரு ரோல் வெள்ளை. அதே 3டி பிரிண்டர், அதே கோப்பு, நாசிலின் சூடு இரண்டுக்கும் 205 டிகிரி செல்சியஸ். கறுப்பில் அச்சான சுவர்க் கொக்கி அழுத்தமாக வருகிறது. வெள்ளையில் அச்சானதன் மேல்பரப்பில் கோடுகளுக்கு நடுவே நூலிழை போல இடைவெளி தெரிகிறது. கையால் வளைத்தால் கறுப்பு சற்று மல்லுக்கட்டி உடைகிறது, வெள்ளை அடுக்கு பிரிந்து சட்டென்று விட்டுவிடுகிறது. பிரிண்டர் வைத்துத் தொழில் செய்பவர்களிடம் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: “வெள்ளைக்குப் பத்து டிகிரி கூட்டி வைங்க.”

அந்தப் பதில் பல நேரம் பலிக்கிறது. அடுத்த மாதம் வேறொரு நிறுவனத்தின் வெள்ளை ரோலை வாங்கினால் அது 200 டிகிரியிலேயே நன்றாக ஓடுகிறது, கறுப்புதான் தகராறு செய்கிறது. நிறத்துக்கும் சூட்டுக்கும் தொடர்பு இருப்பது நிஜம். அந்தத் தொடர்பு கண்ணுக்குத் தெரியும் நிறத்தின் வழியாக வருவதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பிரிண்டர் செய்யும் வேலையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஃபிலமென்ட் என்பது பெரும்பாலும் 1.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை. பல் சக்கரம் ஒன்று அதைப் பிடித்து, சூடான பித்தளை நாசிலுக்குள் தள்ளுகிறது. உருகிய பிளாஸ்டிக் 0.4 மில்லிமீட்டர் துளை வழியே கோடாக வெளிவந்து, கீழே ஏற்கெனவே ஆறிய கோட்டின் மேல் படிகிறது. இப்படிக் கோட்டின் மேல் கோடாக, அடுக்கின் மேல் அடுக்காகப் பொருள் உருவாகிறது. வீட்டு பிரிண்டர்களில் அதிகம் ஓடுவது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்துக் கிடைக்கும் லாக்டிக் அமிலத்திலிருந்து செய்யப்படுவது. எந்த நிறமும் சேர்க்காத பிஎல்ஏ சற்றே மங்கலான கண்ணாடி போல இருக்கும். கடைகளில் இதை ‘நேச்சுரல்’ என்று விற்பார்கள். மற்ற நிறங்கள் எல்லாம் இதில் எதையோ கலந்து வந்தவைதான்.

வெள்ளையில் கலப்பது டைட்டானியம் டையாக்சைடு. சுவர் பெயின்ட்டுக்கும் பற்பசைக்கும் வெண்மை தருகிற அதே பொடி. கறுப்பில் கலப்பது கார்பன் பிளாக், அதாவது கட்டுப்படுத்தப்பட்ட முறையில் எரித்து எடுக்கும் கரி. லாரி டயரைக் கறுப்பாக்குவதும் இதுதான். இரண்டும் ஒளியைக் கையாளும் விதம் வேறு. கரித்துகள் ஒளியை விழுங்கிவிடுகிறது. அதனால் எடையில் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ சேர்த்தாலே பிளாஸ்டிக் முழுக் கறுப்பாகிவிடும். டைட்டானியம் டையாக்சைடு ஒளியைச் சிதறடிக்கிறது. ஒரு துகளில் பட்ட ஒளி அடுத்த துகளில் பட்டு, அதிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி வெளியே வந்தால்தான் வெண்மை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சுவருக்குள் இவ்வளவும் நடக்க வேண்டுமென்றால் துகள்கள் நெருக்கமாக இருந்தாக வேண்டும். நல்ல வெள்ளை ரோலில் எடைக்கு எடை சில சதவீதம் இந்தப் பொடி இருக்கும். கறுப்பை விட வெள்ளை பல மடங்கு நிறமியைச் சுமக்கிறது.

அப்படியானால் வெள்ளை கெட்டியாக ஓடுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். பொடி அதிகம், குழம்பு கெட்டி. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். ஒரு திரவத்தில் உருண்டைத் துகள்கள் மிதந்தால் அதன் பாகுத்தன்மை எவ்வளவு கூடும் என்பதற்கு ஐன்ஸ்டைன் 1906ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். அதில் இருந்த ஒரு பிழையை 1911ல் அவரே திருத்திய பிறகு அது இந்த வடிவத்தில் நிலைத்தது:

```
η = η₀ (1 + 2.5 φ)
```

இதில் φ என்பது துகள்கள் அடைத்துக்கொள்ளும் கனஅளவின் பங்கு. எடையின் பங்கை இங்கே போடக் கூடாது. கணக்கின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. 100 கிராம் வெள்ளை ஃபிலமென்ட்டில் 4 கிராம் டைட்டானியம் டையாக்சைடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது கனமான பொருள், ஒரு கனசென்டிமீட்டர் சுமார் 4.2 கிராம். ஆகவே 4 கிராம் பொடி ஒரு கனசென்டிமீட்டரைக் கூட முழுதாக நிரப்பாது. மீதி 96 கிராம் பிஎல்ஏ சுமார் 77 கனசென்டிமீட்டர். எனவே φ வெறும் 1.2 சதவீதம். சூத்திரத்தில் போட்டால் பாகுத்தன்மை 3 சதவீதம்தான் கூடுகிறது. ஒரு சதவீதக் கரி சேர்ந்த கறுப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு.

இந்த 3 சதவீதம் எத்தனை டிகிரிக்குச் சமம்? 200 டிகிரியை ஒட்டிய சூட்டில், 10 டிகிரி ஏற்றினால் உருகிய பிஎல்ஏயின் பாகுத்தன்மை ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கிவிடும். அந்தக் கணக்கில் 3 சதவீதம் என்பது ஒரு டிகிரி. மலிவான பிரிண்டரில் திரையில் தெரியும் வெப்பநிலைக்கும் நாசில் நுனியின் உண்மையான வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசமே இதைவிட அதிகம். ஆக, வெள்ளைக்கும் கறுப்புக்கும் 10, 15 டிகிரி வேறுபாடு கண்கூடாகத் தெரிகிறது என்றால், அதைப் பொடியின் அளவு மட்டும் செய்திருக்க முடியாது.

கறுப்பு சூட்டை உறிஞ்சும், அதனால் சீக்கிரம் உருகும் என்ற விளக்கத்தையும் இங்கேயே ஒதுக்கிவைக்கலாம். வெயிலில் கறுப்புச் சட்டை சுடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றும். ஆனால் நாசிலுக்குள் வெயில் இல்லை. சுற்றியுள்ள உலோகத்தைத் தொட்டு, கடத்தல் வழியாகத்தான் பிளாஸ்டிக் சூடாகிறது. கொஞ்சநஞ்சம் கதிர்வீச்சு இருந்தாலும் 210 டிகிரியில் இருக்கும் உலோகம் உமிழும் கதிர்களின் உச்சம் 6 மைக்ரான் அலைநீளத்தில் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு; அந்த இடத்தில் வெள்ளை, கறுப்பு என்ற பேதத்துக்கு அர்த்தமே கிடையாது. அச்சான பிறகு கதை வேறு. பிஎல்ஏ சுமார் 60 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும். மே மாதம் சென்னையில் வெயிலில் நிறுத்திய காருக்குள், கண்ணாடி வழியே நேர்வெயில் படும் இடத்தில், கறுப்புச் செல்போன் தாங்கி வெள்ளையை முந்திக்கொண்டு வளையும். நிறம் நிறமாகவே வேலை செய்யும் இடம் அது ஒன்றுதான்.

சரி, அந்தப் பத்து டிகிரி எங்கிருந்து வருகிறது? நிறமியோடு சேர்ந்து வருகிற மற்றவற்றிலிருந்து.

ஃபிலமென்ட் தயாரிப்பாளர் டைட்டானியப் பொடியை நேரடியாகப் பிளாஸ்டிக்கில் கொட்டிக் கலக்குவதில்லை. மாஸ்டர்பேட்ச் என்று ஒன்றை வாங்குகிறார். நிறமியை மிக அதிக அடர்த்தியில், வெள்ளையானால் பாதி எடைக்கு மேல்கூட, ஏதோ ஒரு பிளாஸ்டிக்கில் முன்கூட்டியே பிசைந்து குருணையாக்கியது மாஸ்டர்பேட்ச். அதைச் சில சதவீதம் நேச்சுரல் பிஎல்ஏ குருணையோடு சேர்த்து உருக்கி இழையாக இழுக்கிறார்கள். அந்தச் சுமக்கும் பிளாஸ்டிக் வேறு தர பிஎல்ஏவாக இருக்கலாம். சீக்கிரம் இளகும் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். பொடி பிரிந்து பரவுவதற்காக மெழுகு வகைகளையும் உலோக ஸ்டீரேட்டுகளையும் சேர்த்திருப்பார்கள். இவை உருகிய பிளாஸ்டிக்குக்கு உள்ளும் புறமும் எண்ணெய் விட்டது போல வேலை செய்யும். இரண்டு நிறங்களுக்கு மெழுகின் அளவு வேறாக இருந்தால், நிறமி தரும் 3 சதவீதத்தை அது ஒரே வீச்சில் அடித்துக்கொண்டு போய்விடும். நிறைய நிறமி ஏற்றிய ஒரு வெள்ளை சிலசமயம் நேச்சுரலை விட இலகுவாக ஓடுவதற்கு இதுதான் காரணம். அதே மெழுகு கோட்டின் மேற்பரப்புக்கு வந்து படிந்தால் அடுத்த அடுக்கு சரியாக ஒட்டாது. இலகுவாக ஓடுகிறது என்பதை நல்ல ரோல் என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். பட்டுப் போல மின்னும் ‘சில்க்’ ரகங்கள் அழகாக ஓடிவிட்டு அடுக்குகளுக்கிடையே எளிதில் பிளப்பதும் சேர்மானங்களின் வேலையே.

அடுத்தது, பொடி எப்படிப் பரவியிருக்கிறது என்பது. ஐன்ஸ்டைனின் சூத்திரம் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக மிதப்பதாக எண்ணிக்கொள்கிறது. நிஜத்தில் துகள்கள் கேழ்வரகுக் கூழில் மாவு கட்டி தட்டுவது போலத் திரண்டுகொள்ளும். இதில் கரிதான் மோசம். டைட்டானியம் டையாக்சைடு துகள் ஒன்று சுமார் 0.2 முதல் 0.3 மைக்ரான். ஒளியைச் சிதறடிக்க அந்த அளவுதான் தோது என்பதால் திட்டமிட்டே அப்படித் தயாரிக்கிறார்கள். கார்பன் பிளாக்கின் அடிப்படைத் துகள் அதைவிடப் பத்து மடங்கு சிறியது, சில பத்து நானோமீட்டர். துகள் சிறுக்கச் சிறுக்க ஒரு கிராம் பொடியின் மொத்த மேற்பரப்பு பெருகும். மேற்பரப்பு பெருகினால் ஒன்றோடொன்று ஒட்டும் ஆசையும் பெருகும். இப்படித் திரண்ட கொத்துக்குள் கொஞ்சம் பிளாஸ்டிக்கும் சிறைப்பட்டுக்கொள்வதால், கொத்து தன் உண்மையான கனத்தை விடப் பெரிய இடத்தை அடைக்கும். ஒரு சதவீதக் கரி, சரியாகப் பரவாமல் போனால், நான்கு சதவீத டைட்டானியத்தை விடக் கெட்டியாக்கிவிட முடியும். பெரிய கட்டி ஒன்று நாசில் துளையில் வந்து நின்றால் கோடு திடீரென்று மெலிந்து, கட்டி நகர்ந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். சூடு போதாதபோது வரும் மெலிவு இப்படி இருக்காது. அது வேகமாக அச்சாகும் பகுதிகளில் மட்டும், எல்லா அடுக்கிலும் ஒரே மாதிரி வரும். பல் சக்கரம் வழுக்கும் ‘டிக் டிக்’ ஓசையும் கேட்கும். எங்கே எப்படி மெலிகிறது என்று பார்த்தாலே நோய் எது என்று பாதி தெரிந்துவிடும். கட்டி உள்ள ரோலுக்கு டிகிரி கூட்டிப் பயனில்லை.

மூன்றாவது, பிளாஸ்டிக்கின் பூர்வ கதை. பிஎல்ஏ என்பது நீளமான சங்கிலி மூலக்கூறுகளின் கூட்டம். உருக்கும்போதெல்லாம் சில சங்கிலிகள் அறுபடும். ஈரம் இருந்தால் இன்னும் வேகமாக அறுபடும். சங்கிலி குட்டையானால் உருகல் நீர்த்துப் போகும். ஃபிலமென்ட் ஆலைகளில் நிறம் மாற்றும்போது வரும் கலப்பு இழையும் மிச்சம் மீதியும் மீண்டும் அரைத்துச் சேர்க்கத் தோதான நிறம் கறுப்பு. எந்த நிறத்தையும் அது மூடிவிடும். எல்லா ஆலையும் இப்படிச் செய்வதில்லை. செய்யும் இடத்தில், கறுப்பு ரோல் ஏற்கெனவே ஒருமுறை கூடுதலாக உருகி வந்தது. அது குறைந்த சூட்டிலேயே ஓடும், கொஞ்சம் நொறுங்கும் குணமும் இருக்கும். “கறுப்பு நல்லா ஓடும்” என்ற பெயரில் ஒரு பகுதி இப்படிக் கிடைத்ததாகவும் இருக்கலாம்.

ஓட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். பலத்துக்கு வருவோம். இதில் நம்பிப் பேச ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பென் விட்பிராட், ஜோஷுவா பியர்ஸ் இருவரும் 2015ல் வெளியிட்டது. இன்ஜியோ 4043டி என்ற ஒரே அடிப்படை பிஎல்ஏயிலிருந்து செய்யப்பட்ட வெள்ளை, கறுப்பு, நீலம், சாம்பல், நேச்சுரல் என ஐந்து ஃபிலமென்ட்டுகளை எடுத்து, வெவ்வேறு நாசில் சூட்டில் அச்சிட்டு, இழுத்து உடைத்துப் பார்த்தார்கள். கூடவே எக்ஸ்-கதிர் கொண்டு ஒவ்வொன்றிலும் படிகம் எவ்வளவு என்று அளந்தார்கள். இழுவைப் பலத்துக்கும் படிகத்தின் அளவுக்கும் வலுவான தொடர்பு இருந்தது. படிகத்தின் அளவுக்கும் நாசில் சூட்டுக்கும் வலுவான தொடர்பு இருந்தது. அடிப்படைப் பிளாஸ்டிக் ஒன்றாக இருந்தும் நிறத்துக்கு நிறம் படிகத்தின் அளவு மாறியது.

படிகம் இங்கே எப்படி வந்தது? உருகிய நிலையில் பிஎல்ஏ சங்கிலிகள் தாறுமாறாகச் சுருண்டு கிடக்கும. மெதுவாக ஆறினால் ஆங்காங்கே மடிந்து அடுக்கிக்கொண்டு சின்னச் சின்ன ஒழுங்கான பகுதிகளாகும். அவைதான் படிகங்கள். பிஎல்ஏ இந்த வேலையில் படு சோம்பேறி. நாசிலை விட்டு வெளியே வந்த கோடு மின்விசிறிக் காற்றில் சில வினாடிகளில் ஆறிவிடுவதால், அடுக்கிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. அச்சான பிஎல்ஏ பெரும்பாலும் ஒழுங்கற்ற கண்ணாடி நிலையிலேயே உறைகிறது. நிறமித் துகள் ஒன்று பக்கத்தில் இருந்தால் அதன் மேற்பரப்பு படிகம் தொடங்குவதற்கு விதையாகிறது. எந்தத் துகள் எவ்வளவு நல்ல விதை என்பது அதன் மேல்பூச்சைப் பொறுத்தது. டைட்டானியப் பொடிக்கு அலுமினா, சிலிக்கா என்று பூச்சுகள் உண்டு. அதனால் இரண்டு நிறுவனங்களின் வெள்ளை இந்த விஷயத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

படிகம் கூடினால் கோடு தன் நீளவாக்கில் விறைப்பாகவும் வலுவாகவும் இருக்கும். அடுக்குகளுக்கு இடையிலான ஒட்டுதலுக்கு அதே படிகம் இடைஞ்சலாகலாம். புதிதாக விழும் சூடான கோட்டின் சங்கிலிகள், கீழே உள்ள கோட்டுக்குள் ஊர்ந்து நுழைந்து பின்னிக்கொண்டால்தான் அடுக்குகள் ஒட்டும். மேற்பரப்பு சுமார் 60 டிகிரிக்கு மேல் இருக்கும் அந்த ஓரிரு வினாடிகளுக்குள் இது நடந்தாக வேண்டும். அதற்குள் படிகமாகிவிட்ட சங்கிலி பூட்டப்பட்ட சங்கிலி, ஊர்ந்து போகாது. சரியாகப் பரவாத நிறமிக் கட்டியும் தன் பங்குக்கு விரிசல் தொடங்கும் இடமாக அமைகிறது. எனவே “எந்த நிறம் பலம்?” என்று கேட்டால், எந்தத் திசையில் இழுப்பீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நடைமுறையில் 3டி அச்சுப் பொருள்கள் உடைவது அநேகமாக அடுக்குகளுக்கு இடையேதான்.

இனி சோதனை. கையிலிருக்கும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடலாம். நாசிலை மேடையிலிருந்து நன்றாக உயர்த்திவிட்டு, பல் சக்கரத்தின் வாயிலிலிருந்து 120 மில்லிமீட்டர் தள்ளி ஃபிலமென்ட்டில் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். பிறகு பிரிண்டருக்கு இந்தக் கட்டளைகள்:

```
M109 S205
M83
G1 E100 F150
```

205 டிகிரிக்குச் சூடாகு, 100 மில்லிமீட்டர் இழையை நிமிடத்துக்கு 150 மில்லிமீட்டர் வேகத்தில் உள்ளே தள்ளு என்று பொருள். 1.75 மில்லிமீட்டர் இழையில் இந்த வேகம் வினாடிக்கு 6 கனமில்லிமீட்டர் பிளாஸ்டிக். வேலை முடிந்ததும் கோட்டுக்கும் வாயிலுக்கும் இடையே 20 மில்லிமீட்டர் மீதம் இருந்தால் 100ம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அடுத்து `F300` என்று மாற்றி, இரண்டு மடங்கு வேகத்தில், வினாடிக்கு 12 கனமில்லிமீட்டர் அளவில் அதையே செய்ய வேண்டும். 0.2 மில்லிமீட்டர் அடுக்கும் 0.45 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட கோட்டை வினாடிக்கு 130 மில்லிமீட்டர் வேகத்தில் அச்சிடுவது ஏறக்குறைய இதுதான்.

உதாரணத்துக்கு இப்படி ஒரு முடிவு வருவதாகக் கொள்வோம். மெதுவான ஓட்டத்தில் இரண்டு நிறத்துக்கும் 20 மில்லிமீட்டர் மீதம். வேகமான ஓட்டத்தில் கறுப்புக்கு 20, வெள்ளைக்கு 27. அதாவது வெள்ளையில் 7 மில்லிமீட்டர் உள்ளே போகாமல் பல் சக்கரம் வழுக்கியிருக்கிறது. வெள்ளையை 210ல் வைத்துத் திரும்பச் செய்தால் 23, 215ல் 20. இந்த ரோலுக்குப் “பத்து டிகிரி கூட்டு” என்பது உண்மையாகிவிட்டது, ஆனால் அந்த வேகத்துக்கு மட்டும். வினாடிக்கு 40 மில்லிமீட்டர் வேகத்தில் நிதானமாக அச்சிடுபவருக்கு ஓட்டத்தின் பொருட்டு ஒரு டிகிரி கூடக் கூட்டத் தேவையில்லை. ஒரே ரோலைப் பற்றி இரண்டு பேர் நேர்மாறாகச் சொல்வதும், இருவருமே சரியாக இருப்பதும் இதனால்தான். இந்த 7 சதவீதக் குறையைச் சரிசெய்ய ஸ்லைசரில் ஃப்ளோ அளவை 107 சதவீதம் ஆக்குவதைப் பலர் செய்கிறார்கள். அப்போது வேகமான இடம் நிரம்பும், மெதுவாக அச்சாகும் மூலைகளும் முதல் அடுக்கும் பிதுங்கும். குறை வேகத்தோடு வருகிறதா என்று பார்க்காமல் ஃப்ளோவைத் தொடக் கூடாது.

எடை பார்த்து ஃப்ளோவைச் சரிபார்ப்பவர்களுக்கு வெள்ளை இன்னொரு பொறி வைக்கிறது. 4 சதவீத டைட்டானியம் சேர்ந்த பிஎல்ஏயின் அடர்த்தி 1.24லிருந்து சுமார் 1.28 ஆகிவிடும். சரியாக அச்சான வெள்ளைப் பொருள் ஸ்லைசர் சொன்னதை விட 3 சதவீதம் கனமாக இருக்கும். பிளாஸ்டிக் அதிகமாக ஓடுகிறது என்று நினைத்துக் குறைத்தால் இடைவெளி விழும். ஒரு கிலோ ரோலில் நேச்சுரல் சுமார் 335 மீட்டர் வந்தால் இந்த வெள்ளை 326 மீட்டர்தான் வரும் என்பதையும் நீளக் கணக்கு வைப்பவர்கள் கவனிக்கலாம்.

ஓட்டம் சரியாகும் சூடும் ஒட்டுதல் சிறக்கும் சூடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாவதை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். 10 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் தடிமன், 60 மில்லிமீட்டர் உயரமுள்ள பட்டைகளை நிற்கவைத்து, உள்ளே முழுக்க நிரப்பி அச்சிடுங்கள். 200, 205 என்று ஐந்து ஐந்து டிகிரியாக 225 வரை, ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து பட்டை. ஒரு முனையை வைஸில் இறுக்கி, பட்டை கிடைவாட்டில் நீட்டிக்கொண்டிருக்க, 4 மில்லிமீட்டர் பக்கம் மேல் கீழாக அமையும்படி வைக்க வேண்டும். இறுக்கிய இடத்திலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளிச் சிறு வாளியைத் தொங்கவிட்டு, உடையும் வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். ஒன்றரை லிட்டர் தாண்டி உடைந்தால் அடுக்குகளின் ஒட்டுதல் 30 மெகாபாஸ்கல் அளவில் இருக்கிறது, பிஎல்ஏக்கு இது மோசமில்லை. ஒரு நிபந்தனை முக்கியம். எல்லாச் சூட்டிலும் ஒரே எண்ணிக்கைப் பட்டைகளைச் சேர்த்து அச்சிட வேண்டும். ஒற்றைப் பட்டையை அச்சிட்டால் கீழ் அடுக்கு ஆறும் முன்பே அடுத்தது விழும். ஐந்தைச் சேர்த்து அச்சிட்டால் ஆற நேரம் கிடைத்துவிடும். அந்த வித்தியாசம் நிறத்தின் வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

உடைந்த முகத்தையும் பார்க்க வேண்டும். வழுவழுவென்று, அடுக்கின் கோடுகள் அப்படியே தெரிந்தால் ஒட்டாமல் பிரிந்தது. சொரசொரப்பாக, பக்கத்து அடுக்கையும் கிழித்துக்கொண்டு வந்திருந்தால் பிளாஸ்டிக்கே உடைந்திருக்கிறது. அதற்கு மேல் சூட்டைக் கூட்டினால் நூல் நூலாக வடிவதும் தொங்கும் பகுதிகள் சரிவதும்தான் மிஞ்சும். கறுப்பில் உடையப்போகும் இடம் முன்னதாகவே வெளுத்துக் காட்டும். வெள்ளையிலும் அதே நுண்விரிசல்கள் வரும், கண்ணுக்குத் தெரியாது. எடை தாங்கும் பொருளை வெள்ளையில் செய்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் முன்பு இரண்டு ரோலையும் 45, 50 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்திவிடுங்கள். கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம் திறந்து கிடந்த ரோலையும் அன்றைக்குப் பிரித்த ரோலையும் ஒப்பிட்டால் நிறத்தை அளக்க மாட்டீர்கள், ஈரத்தைத்தான் அளப்பீர்கள். நாசிலிலிருந்து பொரியும் ஓசையும் கோட்டில் நுண்குமிழும் ஈரத்தின் அடையாளம்.

வெள்ளையும் கறுப்பும் ஒரே பொருளில் சேரும்போது, உதாரணமாக வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து வைக்கும்போது, ஒவ்வொரு நிறத்துக்கும் அதனதன் சூட்டை ஸ்லைசரில் தனித்தனியாகக் கொடுக்க முடியும். மாறும் ஒவ்வொரு முறையும் நாசில் ஏறி இறங்கக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நுனியில் பிளாஸ்டிக் ஒழுகும். வித்தியாசம் ஐந்து டிகிரிக்குள் இருந்தால் அதிகச் சூடு கேட்கும் நிறத்தின் அளவிலேயே இரண்டையும் ஓட்டிவிடுவது மேல். நாசிலுக்குள் ஒட்டியிருக்கும் பழைய நிறத்தைக் கழுவித் தள்ளுவதில் இரண்டு திசையும் சமமல்ல. வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகக் கொஞ்சம் பிளாஸ்டிக் போதும். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வர அதைப்போலப் பல மடங்கு தள்ள வேண்டும், ஏனென்றால் மிச்சமிருக்கும் துளிக் கரி கூட வெள்ளையைச் சாம்பலாக்கப் போதும். எழுத்துகளை எல்லா அடுக்கிலும் பரப்பாமல் மேல் இரண்டு அடுக்குகளில் மட்டும் வரும்படி வடிவமைத்தால், இந்த மாற்றமே இரண்டொரு முறையோடு முடிந்துவிடும்.